ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒரு சொற்களஞ்சியம்

ஹட்டனில் வார இறுதி வகுப்புக்கு வரும் ஆசிரியர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சேர், கல்வியியல் கலைச்சொல் பட்டியல் ஒன்று தாங்களேன்." போட்டோகொப்பிக் கடையில் அப்படிப்பட்ட பட்டியல் எத்தனையோ கிடக்கிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் இரண்டு வரி வரைவிலக்கணம். பரீட்சைக்கு முந்தின இரவு அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து, மறுநாள் அப்படியே எழுதிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை தரம் 7 வகுப்புக்குள் நுழையும்போது அந்தப் பட்டியலில் ஒரு சொல்லாவது கூட வராது.

அதனால் நான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். அகர வரிசை கிடையாது, எல்லாச் சொல்லும் கிடையாது. கணித பாடத்தில் கேட்ட ஒரே ஒரு பல்தேர்வு வினா, அது போகிற வழியில் எந்தச் சொல் தேவைப்படுகிறதோ அதை மட்டும் அங்கேயே நின்று பேசுவோம். வினாவை எழுதியவர் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் பயிற்சி ஆசிரியை. எண்களைக் கணக்குக்கு வசதியாகச் சற்று மாற்றியிருக்கிறேன், மற்றபடி விடயம் இதுதான்.

வினா: கொழுந்து நிறுத்தபோது நால்வரின் நிறைகள் 17.5, 17.35, 17.405, 17.09 கிலோகிராம். இவற்றுள் கூடிய நிறை எது?

முதல் சொல் கற்றற் பேறு. பாடம் முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் வாக்கியம். ஆசிரியை தன் பாடக்குறிப்பில் "தசம எண்களை விளங்கிக்கொள்வர்" என்று எழுதியிருந்தார். விளங்கிக்கொண்டதை யார் எப்படிப் பார்ப்பது? பிள்ளை தலையாட்டினால் போதுமா? 1962 இலேயே ரொபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் இதைப் பற்றி விலாவாரியாக எழுதினார்: கண்ணால் பார்க்கக்கூடிய செயல், அது நடக்கும் நிபந்தனை, எவ்வளவு செய்தால் போதும் என்ற அளவு, இந்த மூன்றும் வேண்டும் என்றார். ஆகவே மாற்றி எழுதச் சொன்னேன். "மூன்று தசம தானங்கள் வரையுள்ள நான்கு எண்களைத் தந்தால், வேறு உதவியின்றி, அவற்றைச் சரியாக ஏறுவரிசைப்படுத்துவர்." நீளமான வாக்கியம்தான். ஆனால் இப்படி எழுதினால்தான் பரீட்சையில் என்ன கேட்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஆசிரியர் வழிகாட்டியில் தேர்ச்சி, தேர்ச்சி மட்டம் என்று மேலே அச்சடித்திருப்பது பெரிய இலக்கு. கற்றற் பேறு அந்த நாற்பது நிமிடத்துக்கான இலக்கு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து கணிப்பீடு, மதிப்பீடு. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தகவல் திரட்டுவது கணிப்பீடு. திரட்டிய தகவலை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. 37 பேர் எந்தெந்த விடையைத் தெரிவு செய்தார்கள் என்று எண்ணுவது முதலாவது. "இந்த வகுப்புக்குத் தசமம் சரியாகிவிட்டது, அடுத்த பாடத்துக்குப் போகலாம்" என்பது இரண்டாவது. நம் ஆசிரியை முதலாவதை அரைகுறையாகச் செய்துவிட்டு நேரே இரண்டாவதுக்குத் தாவிவிட்டார். பெரும்பாலான பாடசாலைகளில் நடப்பதும் அதுதான், ஏனென்றால் கணிப்பீட்டுப் புத்தகத்தில் புள்ளி போடுவதற்குக் கட்டம் இருக்கிறது, எந்தப் பிள்ளை எந்தப் பிழையான விடையை எடுத்தது என்று எழுதக் கட்டம் இல்லை.

சரி, இப்போது எண்ணிப் பார்ப்போம்.

இலகுத்தன்மைச் சுட்டி என்றால் வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்களின் விகிதம். எல்லோரும் சரியென்றால் 1, ஒருவருமே சரியில்லை என்றால் 0. எண் கூடினால் வினா இலகு என்று அர்த்தம். சிலர் இதையே கடினச் சுட்டி என்றும் எழுதுவார்கள், அதைப் பார்த்துவிட்டு 0.9 என்றால் மிகக் கடினமான வினா என்று நினைத்துவிடாதீர்கள்.

இதோடு சேர்ந்து வருவது பிரித்தறி சுட்டி. நன்றாகத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் வினா பிரித்துக் காட்டுகிறதா என்று பார்ப்பது. செய்முறை எளிது. முழுப் பரீட்சையின் மொத்தப் புள்ளியைப் பார்த்து விடைத்தாள்களை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். மேலே இருந்து 27 சதவீதம், கீழே இருந்து 27 சதவீதம் எடுங்கள். இந்த 27 ஏதோ வாய்க்கு வந்த எண் அல்ல, 1939 இல் ட்ரூமன் கெலி என்ற புள்ளிவிபரவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிய அளவு. இரண்டு குழுவும் ஒன்றுக்கொன்று போதுமான தூரத்தில் இருக்க வேண்டும், அதேநேரம் ஆட்கள் மிகக் குறைந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் வந்த சமரசம் அது. 37 பேரில் 27 சதவீதம் என்றால் பத்துப் பேர். மேல் பத்து, கீழ் பத்து. நடுவில் உள்ள 17 தாள்களை இந்தக் கணக்குக்கு ஒதுக்கி வைத்துவிடலாம்.

மேல் பத்தில் 9 பேர் 17.5 ஐத் தெரிவு செய்திருந்தார்கள், அதுதான் சரியான விடை. கீழ் பத்தில் 7 பேர் சரி. இருபதில் 16, ஆக இலகுத்தன்மை 0.8. பிரித்தறி சுட்டிக்கு மேல் குழுவின் எண்ணிக்கையிலிருந்து கீழ்க் குழுவின் எண்ணிக்கையைக் கழித்து, ஒரு குழுவின் ஆள் தொகையால் வகுக்க வேண்டும். 9 இலிருந்து 7 போனால் 2, பத்தால் வகுத்தால் 0.2.

வழக்கமாகச் சொல்லும் அளவுகோல்படி 0.4 க்கு மேல் என்றால் மிக நல்ல வினா, 0.3 க்கு மேல் பரவாயில்லை, 0.2 ஐ ஒட்டி வந்தால் திருத்த வேண்டும், அதற்கும் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். மறைப் பெறுமானம் வந்தால், அதாவது கெட்டிக்காரர்கள் பிழைத்து மற்றவர்கள் சரியாகச் செய்திருந்தால், முதலில் உங்கள் விடைத்தாளைப் பாருங்கள். பத்தில் எட்டு முறை நீங்களே பிழையான இலக்கத்தைச் சரி என்று குறித்திருப்பீர்கள்.

ஆசிரியைக்கு 0.8 போதுமாக இருந்தது. "பார்த்தீங்களா சேர், கீழ்ப் பிள்ளைகளும் செய்திருக்காங்க." எனக்கு அந்த ஏழு பேர்தான் உறுத்தியது. மற்ற எல்லா வினாவிலும் தடுமாறுகிற பத்துப் பேரில் ஏழு பேர் இதில் மட்டும் எப்படிக் கரை சேர்ந்தார்கள்? அவர்களைக் கூப்பிட்டு ஏன் இந்த விடை என்று மட்டும் கேளுங்கள், சரி பிழை சொல்லாதீர்கள் என்றேன். மறு வாரம் அவர் எழுதிக்கொண்டு வந்ததில் ஒரு பிள்ளை சொன்னது இது: "புள்ளிக்குப் பொறகு ஒன்னே ஒன்னுதான் மிஸ் இருக்கு. கொறைய இருந்தா அதான் பெருசு."

இங்கேதான் பிழைக்கருத்து என்ற சொல் வேலைக்கு வருகிறது. கவனக்குறைவால் வரும் பிழை வேறு. பிழைக்கருத்து என்பது பிள்ளையின் மனதில் ஒழுங்காக, ஒரு நியாயத்தோடு உட்கார்ந்திருக்கும் விதி. அந்த விதி சில இடங்களில் சரியான விடையையும் தந்துவிடும், அதனால்தான் அது சாகாமல் இருக்கிறது. தசமத்தில் மூன்று விதிகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, இலக்கம் கூடினால் எண் பெரிது. 405 என்பது 5 ஐ விடப் பெரிதுதானே, முழு எண்ணில் இத்தனை வருடம் அப்படித்தானே படித்தோம் என்பது அதன் நியாயம். இரண்டு, இலக்கம் குறைந்தால் எண் பெரிது. பத்தில் ஒன்று பெரிய துண்டு, ஆயிரத்தில் ஒன்று சின்னத் துண்டு என்று படிப்பித்ததை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டதால் வருவது. பின்னத்தை நன்றாகப் படிப்பித்த வகுப்பிலும் இது முளைக்கும். மூன்றாவது, புள்ளிக்குப் பின் வரும் பூச்சியத்தைக் கணக்கில் எடுக்காமல் 17.09 ஐ 17.9 போல வாசிப்பது.

இப்போது வினாவைத் திரும்பப் பாருங்கள். சரியான விடை 17.5. நால்வரில் இலக்கம் குறைந்ததும் 17.5. ஆக இரண்டாவது பிழைக்கருத்து உள்ள பிள்ளை, தசமம் துளிகூட விளங்காமல், முழுப் புள்ளி வாங்கிவிடும். இந்த வினாவுக்கு வலிதுடைமை இல்லை என்று சொல்வது இதைத்தான். எதை அளக்கப் புறப்பட்டோமோ அதை வினா அளக்க வேண்டும். தசம ஒப்பீட்டை அளக்கப் போய் இலக்கங்களை எண்ணும் பழக்கத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறோம். வலிதுடைமை பற்றிப் பாடப் புத்தகங்களில் பல வகை பிரித்து எழுதியிருப்பார்கள், அத்தனையும் பரீட்சைக்குத் தேவை, படியுங்கள். வகுப்பறையில் ஒரு கேள்வி போதும்: விடயம் தெரியாத பிள்ளை இந்த வினாவை வேறு வழியில் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வினாவை மாற்றுங்கள்.

கொழுந்து நிறுப்பதை வினாவில் கொண்டுவந்தது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் வாழ்க்கையோடு தொடர்புபடுத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் மலையகப் பிள்ளை என்றாலே அம்மா கொழுந்து பறிப்பவர் என்று வைத்துக்கொள்வது ஒரு சோம்பல். அந்த வகுப்பிலேயே கொழும்பில் வேலை செய்யும் அப்பாக்கள் இருக்கிறார்கள், டவுனில் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், மரக்கறித் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், தராசடியில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பதைத் தினமும் வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை "கழிச்ச பொறகா மிஸ், கழிக்க முன்னமா?" என்று நியாயமாகவே கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் வினாவில் தெளிவில்லை என்று அர்த்தம். இந்த வினாவில் அது விடையை மாற்றவில்லை, அதனால் விட்டுவிட்டோம்.

அப்புறம் திசைதிருப்பி. பல்தேர்வு வினாவில் சரியான விடையைத் தவிர மற்ற விடைகள். திசைதிருப்பி என்றதும் பிள்ளையை ஏமாற்ற வைப்பது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒவ்வொரு திசைதிருப்பியும் ஒரு பிழைக்கருத்துக்கு வாசலாக இருக்க வேண்டும், பிள்ளை எந்த வாசலால் நுழைந்தது என்று பார்த்தால் அதன் மனதில் இருக்கும் விதி தெரியவேண்டும். முதல் வினாவில் 17.35 ஐ 37 பேரில் ஒருவர்கூடத் தெரிவு செய்யவில்லை. எந்தப் பிழைக்கருத்தும் அந்த எண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது, எப்படிச் செய்வார்கள்? அது வெறும் இடம் நிரப்பி. நான்கு விடை இருப்பதாகத் தெரிந்தாலும் உண்மையில் மூன்றுதான்.

ஆகவே ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றினோம். 17.35 ஐ எடுத்துவிட்டு 17.62. இப்போது சரியான விடை 17.62. இலக்கம் குறைந்தால் பெரிது என்பவர் 17.5 க்குப் போவார். இலக்கம் கூடினால் பெரிது என்பவர் 17.405 க்கு. பூச்சியத்தை விழுங்குபவர் 17.09 க்கு. எந்த விடையைத் தெரிவு செய்தாலும் ஏதோ ஒன்று நமக்குத் தெரியவரும்.

இரண்டு வாரம் கழித்து வேறு சில வினாக்களோடு கலந்து அதே வகுப்புக்குக் கொடுத்தார். மேல் பத்தில் 8 பேர் சரி. ஒருவர் 17.5, ஒருவர் 17.405. கீழ் பத்தில் 2 பேர்தான் சரி. ஐந்து பேர் 17.5, இரண்டு பேர் 17.405, ஒருவர் 17.09. இலகுத்தன்மை 0.5 க்கு இறங்கியது, பிரித்தறி சுட்டி 0.6 க்கு ஏறியது. வகுப்பு மாறவில்லை, படிப்பிப்பும் மாறவில்லை, ஒரு எண் மாறியது. முதல் வாரம் "சரியாகிவிட்டது" என்று எழுதிய தீர்ப்பு கவிழ்ந்துவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு "ஓ, அப்ப ரெண்டு பேருக்கு விளங்கியிருக்கு" என்று உடனே எழுதாதீர்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாகும், பத்துப் பேர் தொட்டால் இரண்டு மூன்று பேர் அப்படியே தப்பிவிடுவார்கள். அந்த இரண்டு பேரும் அதிர்ஷ்டக்காரர்களாக இருக்கலாம். இங்கேதான் நம்பகம். அதே பிள்ளைக்கு அதே மாதிரி வினாவை இன்னொரு நாள் கொடுத்தால் அதே முடிவு வருமா என்பது. ஒரு வினாவை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எதையும் நம்பிச் சொல்ல முடியாது. எண்களை மாற்றி, அதே பொறிகளோடு நான்கைந்து வினாக்கள் கொடுத்து, பிள்ளை ஒவ்வொரு முறையும் ஒரே வாசலால் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது ஒரே மாதிரிப் பிழைக்கும் பிள்ளையைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், முன்னுக்குப் பின் முரணாகப் பிழைக்கும் பிள்ளை பெரும்பாலும் ஊகிக்கிறது.

சுட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை. பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒரு பிள்ளை விடையை மாற்றினாலே பிரித்தறி சுட்டி 0.1 நகர்ந்துவிடும். 0.28 வந்த வினாவைத் தள்ளி 0.31 வந்த வினாவை வைத்துக்கொள்வது, நூற்றுக்கணக்கான தாள்கள் உள்ள வலயப் பரீட்சைக்குப் பொருந்தலாம். பதினெட்டுப் பேர் உள்ள தோட்டப் பாடசாலை வகுப்புக்கு அது வீண் வேலை, அங்கே மேல் ஐந்து தாளையும் கீழ் ஐந்து தாளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாலே போதும்.

இன்னொன்று. பிரித்தறி சுட்டி குறைந்தால் வினா கெட்டது என்று எப்போதும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது நியமம் சார் சோதனை, நியதி சார் சோதனை என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தோடு சம்பந்தப்பட்டது. 1963 இல் ரொபர்ட் கிளேசர் இந்தப் பிரிப்பைத் தெளிவாக முன்வைத்தார். முதலாவது பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். தரம் 5 புலமைப்பரிசில் அந்த இனம், யார் யாருக்கு மேலே என்பதுதான் அங்கே கேள்வி. இரண்டாவது பிள்ளையை ஒரு குறித்த தேர்ச்சியோடு ஒப்பிடும், பக்கத்துப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாது. நன்றாகப் படிப்பித்து முடித்த பிறகு தசம வினாவை மேல் பத்தில் பத்துப் பேரும் கீழ் பத்தில் ஒன்பது பேரும் சரியாகச் செய்தால் பிரித்தறி சுட்டி 0.1 தான் வரும். அந்த வினாவைத் தூக்கிப் போடச் சொல்வீர்களா? ஆசிரியர் சந்தோஷப்பட வேண்டிய எண் அது. அதே 0.1, கிட்டத்தட்ட எல்லோரும் பிழைத்ததால் வந்திருந்தால் கதை வேறு. அதனால்தான் இரண்டு சுட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

சிந்தனையைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாட்டில் இந்த வினா எந்தப் படி என்று வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. விளங்கிக்கொள்ளல் என்றார் ஒருவர், பிரயோகம் என்றார் இன்னொருவர். பிள்ளைக்கு இது புதிதா பழகினதா என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. மேலே போவோம்.

உருவாக்கக் கணிப்பீடு. மைக்கேல் ஸ்க்ரிவன் 1967 இல் கலைத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி எழுதும்போது கொண்டுவந்த பிரிப்பு இது, பிறகுதான் வகுப்பறைக்குள் வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தகவல் எடுத்து அந்த வேலையைத் திருத்துவது உருவாக்கக் கணிப்பீடு. முடிந்தபின் எவ்வளவு வந்தது என்று பார்ப்பது இறுதிக் கணிப்பீடு. இங்கே பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. சின்னப் பரீட்சை என்றால் உருவாக்கக் கணிப்பீடு, தவணைப் பரீட்சை என்றால் இறுதிக் கணிப்பீடு என்று எழுதுகிறார்கள். பரீட்சையின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஆசிரியை முதல் வாரம் கொடுத்தது பத்து நிமிடத் துண்டுப் பரீட்சைதான், புள்ளியை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகத் தயாராக இருந்தார், ஆகவே அது இறுதிக் கணிப்பீடுதான். தவணைப் பரீட்சைத் தாள்களை எடுத்து, எந்தெந்த வாசலால் நுழைந்தார்கள் என்று பார்த்து, அடுத்த தவணையின் முதல் வாரத்தை மாற்றினால் அதே தவணைப் பரீட்சை உருவாக்கக் கணிப்பீடாகிவிடும். தகவல் கிடைத்த பிறகு படிப்பிப்பில் ஏதாவது மாறியதா? அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மாற வேண்டியது என்ன என்பதற்கு சாரக்கட்டு. வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976 இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய சொல். பிள்ளையால் தனியாகச் செய்ய முடியாததை, இன்னொருவர் உதவியோடு செய்ய முடிகிறபோது கொடுக்கும் தற்காலிக உதவி. கட்டடம் எழும்பியதும் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாதது சாரக்கட்டு அல்ல.

ஆசிரியை முதலில் யோசித்தது எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி. எல்லா எண்ணுக்கும் பின்னால் பூச்சியம் போட்டு நீளத்தைச் சமனாக்கு: 17.500, 17.620, 17.405, 17.090. இனி முழு எண் போலவே பார்த்தால் போதும். விடை சரியாக வரும், ஒரே நாளில் வகுப்பு முழுக்கச் சரியாகச் செய்யும். ஆனால் "முழு எண் போலவே பார்" என்பதுதானே முதலாவது பிழைக்கருத்து? அதற்கு நாமே சோறு போட்டு வளர்க்கிறோம். 0.62 என்றால் எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

அதற்குப் பதிலாக மீட்டர்கோல். ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று கிடக்கும். மீட்டரைப் பத்தாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பத்து சென்ரிமீட்டர், அது 0.1. 0.5 ஐக் காட்டு என்றால் 50 இல் விரலை வைக்கும். 0.62 ஐக் காட்டு என்றால் ஆறு பத்து தாண்டி இன்னும் இரண்டு. 0.405 க்கு நாலு பத்து தாண்டி ஐந்து மில்லிமீட்டர். 0.09 க்கு முதல் பத்தைக்கூட எட்டவில்லை. மூன்று பிழைக்கருத்தும் ஒரே கோலில் அடிபடுகிறது. முதல் நாள் கோல் கையில், அடுத்த நாள் கரும்பலகையில் வரைந்த கோடு, அதற்கடுத்து வெறும் கோடு, அடையாளங்கள் இல்லாமல், எங்கே வரும் என்று பிள்ளையே குறிக்க வேண்டும். பிறகு கோடும் இல்லை.

சாரக்கட்டைக் கழற்றியது சரிதானா என்று பார்க்க நான் கொடுக்கும் வினா பல்தேர்வு அல்ல. 17.6 க்கும் 17.62 க்கும் இடையில் ஒரு எண் எழுது. பூச்சியம் போடும் குறுக்குவழியை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை 17.60, 17.62 என்று எழுதி 17.61 ஐச் சொல்லிவிடும், ஆகவே அங்கே நிறுத்தக் கூடாது. சரி, 17.61 க்கும் 17.62 க்கும் இடையில்? "ஒன்னும் இல்ல மிஸ், அடுத்தடுத்த நம்பர்தானே" என்று வந்தால் அந்தப் பிள்ளை இன்னும் முழு எண்ணில்தான் நிற்கிறது, மீட்டர்கோலைத் திரும்ப எடுங்கள், இரண்டு சென்ரிமீட்டர்க் கோடுகளுக்கு நடுவில் உள்ள மில்லிமீட்டர்களை எண்ணச் சொல்லுங்கள். நம் ஆசிரியையின் கீழ் பத்தில் இந்த இடத்தில் நின்றுவிட்டவர்கள் நான்கு பேர். அவர்களுடைய பெயர்களை, புள்ளிக் கட்டத்துக்குள் எழுத இடமில்லாததால், கணிப்பீட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.